பிரிவின் ஈவிஏ: என் கணக்கும் தலைமையகக் கணக்கும் ஒன்றரை லட்சத்தில் வேறுபடுகின்றன

சிப்காட் கணக்கர் (ராணிப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். தோல் நிறுவனம் ஒன்றின் டேனரி பிரிவில் கணக்குப் பார்க்கிறேன். பச்சைத் தோலை வாங்கி, பதனிட்டு, ஃபினிஷிங் வரை முடிப்பது எங்கள் பிரிவு. ஷூ அப்பர் தைக்கும் பிரிவு தனியாக இருக்கிறது. 2024-25 முதல் எங்கள் தலைமையகம் பிரிவுகளை லாபத்தை மட்டும் வைத்து மதிப்பிடுவதை விட்டுவிட்டு, லாபத்திலிருந்து மூலதனத்துக்கான கட்டணத்தைக் கழித்து ஈவிஏ என்று ஒரு தொகையை அறிவிக்கிறது. மேலாளரின் ஊக்கத்தொகையும் இனி அதைப் பொறுத்ததே என்பதால், அதை நானே போட்டுச் சரிபார்க்கும்படி அவர் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

நான் போட்ட கணக்கு இது. ஆண்டின் இயக்க லாபம் 3 கோடியே 60 லட்சம். எங்கள் பிரிவின் பெயரில் எழுதப்பட்ட வங்கி வட்டி 1 கோடியே 10 லட்சத்தைக் கழித்தால் 2 கோடியே 50 லட்சம். அதில் வரி 25 சதவீதம் போக, 1 கோடியே 87.5 லட்சம் மிஞ்சுகிறது. மார்ச் 31 அன்று தேய்மானம் போக நிலையான சொத்து 6 கோடி, சரக்கு 9 கோடி, வரவேண்டிய பாக்கி 7 கோடி. சரக்குக் கொடுத்தவர்களுக்கு நாங்கள் தரவேண்டியது 4 கோடி. ஆகவே ஈடுபடுத்திய மூலதனம் 18 கோடி. தலைமையகம் சொன்ன 12 சதவீதத்தில் கட்டணம் 2 கோடியே 16 லட்சம். எனவே ஈவிஏ, மைனஸ் 28.5 லட்சம்.

தலைமையகத்தின் கடிதத்தில் மைனஸ் 30 லட்சம் என்று மட்டும் இருக்கிறது. விவரம் எதுவும் இணைக்கப்படவில்லை. இந்த ஒன்றரை லட்ச வேறுபாடு எங்கிருந்து வந்திருக்கும்?

பாலாற்றங்கரை

தம்பி, இதற்காக நேரத்தை வீணாக்க வேண்டாம். வரி விகிதத்தை 25 என்று முழுமையாக்கியிருக்கிறீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்த நிறுவனம் என்றால், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.168 சதவீதம் ஆகும். மீதி, ஏதாவது ஒரு தலைப்பில் எண்ணை முழுமையாக்கியதால் வந்திருக்கும். 30 லட்சத்தில் ஒன்றரை லட்சம் என்பது பொருட்படுத்தத்தக்க பிழை அல்ல. வட்டியைக் கழித்ததும் சரியே. கையை விட்டுப் போன பணத்தைச் செலவல்ல என்று யார் சொல்ல முடியும்?

சிப்காட் கணக்கர்

நன்றி ஐயா. 25.168 சதவீதத்தில் போட்டுப் பார்த்தேன். வரி 42 ஆயிரம் ரூபாய்தான் கூடுகிறது. இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் விளக்கமில்லாமல் நிற்கிறது.

ஆம்பூர் இஸ்மாயில்

தோலில் மதிப்புக் கூட்டுவது பற்றிய இழை என்று நினைத்து வந்தேன். என் அனுபவத்தில் வெட் ப்ளூ நிலையில் விற்பதைவிட, கிரஸ்ட் வரை கொண்டுபோய் விற்றால் சதுர அடிக்குக் கிடைப்பது கணிசமாகக் கூடும். ஃபினிஷிங் வரை போனால் இன்னும் கூடும். ஆனால் நிறம் பிசகி ஒரு லாட் திரும்பி வந்தால், கூடியது எல்லாம் ஒரே நாளில் போய்விடும். உங்கள் கணக்கில் அந்த நஷ்டம் எந்த வரியில் வருகிறது?

சிப்காட் கணக்கர்

பாய், திரும்பி வந்த லாட்டின் நஷ்டம் இயக்க லாபத்துக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. நான் கேட்பது அதற்குப் பிறகு வரும் கணக்கைப் பற்றி.

காட்பாடி சுந்தரி

செலவுக் கணக்குத் துறையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் எண்ணும் தலைமையகத்தின் எண்ணும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன என்பதுதான் இந்தக் கணக்கில் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஒன்றரை லட்சத்தைத் தேடாதீர்கள். உங்கள் கணக்கில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட பிழைகள் இரண்டு, எதிரெதிர்த் திசையில் இருப்பதாக நினைக்கிறேன்.

முதல் பிழை வட்டி. 12 சதவீதக் கட்டணம் என்பது நிறுவனத்தில் போட்டிருக்கும் எல்லாப் பணத்துக்குமான கூலி. வங்கியின் பணமும் பங்குதாரரின் பணமும் அதில் அடங்கும். 18 கோடி முழுவதுக்கும் அந்தக் கூலியைக் கழித்துவிட்ட பிறகு, அதே வங்கிப் பணத்துக்கு வட்டியைத் தனியாகவும் கழித்தால், ஒரே கூலியை இருமுறை கொடுத்ததாகிறது. வட்டியைக் கழிக்காமல் 3 கோடியே 60 லட்சத்துக்கு 25 சதவீதம் வரி போட்டால் மிஞ்சுவது 2 கோடியே 70 லட்சம். கட்டணம் 2 கோடியே 16 லட்சம் போக, ஈவிஏ பிளஸ் 54 லட்சம்.

அப்படியானால் தலைமையகம் மைனஸ் 30 லட்சம் என்று எப்படிச் சொல்கிறது? அதே 2 கோடியே 70 லட்சத்தில் தொடங்கி மைனஸ் 30-க்கு வர வேண்டுமென்றால் கட்டணம் சரியாக 3 கோடியாக இருக்க வேண்டும். 12 சதவீதத்தில் 3 கோடி என்றால் மூலதனம் 25 கோடி. எனவே அவர்கள் உங்கள் மூலதனத்தை 18 கோடியாக எடுக்கவில்லை. மார்ச் 31 நிலவரத்தை விட்டுவிட்டு ஆண்டுச் சராசரியை எடுத்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். வங்கிக்கு மாதந்தோறும் கொடுக்கும் சரக்கு அறிக்கை உங்களிடம் இருக்குமே, அதை வைத்துப் பன்னிரண்டு மாதமும் எழுதிப் பாருங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடன் எடுக்கும் வரம்பைக் காட்டும் பத்தியை எடுக்காதீர்கள். அதில் வங்கி பழைய சரக்கையும் நாள்பட்ட பாக்கியையும் தள்ளிவிட்டு, மார்ஜினையும் கழித்திருக்கும். வங்கி ஒப்புக்கொள்ளாத சரக்கிலும் உங்கள் பணம் முடங்கித்தானே இருக்கிறது? மொத்தச் சரக்கு, மொத்தப் பாக்கி ஆகியவற்றையே எடுக்க வேண்டும்.

பாலாற்றங்கரை

அம்மா சொல்வதை முழுமையாக ஏற்க இயலவில்லை. வட்டி உண்மையான செலவு. பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானமோ ஒரு கற்பனைத் தொகை. உண்மைச் செலவை விட்டுவிட்டுக் கற்பனைத் தொகையைக் கழிப்பது எந்த ஊர் முறை? தவிர, வங்கிக் கடன் ஐந்தொகையில் நடப்புப் பொறுப்புகளின் கீழ் வருகிறது. சரக்குக் கொடுத்தவருக்குத் தரவேண்டியதைக் கழிக்கிறோம் என்றால், அதே தலைப்பில் இருக்கும் கடனையும் மூலதனத்திலிருந்து கழிக்கலாமே?

காட்பாடி சுந்தரி

கழிக்கலாம் ஐயா, ஆனால் அப்போது முழுவதுமாக அந்த வழியிலேயே போக வேண்டும். பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்கும்போதுதான் கணக்கு கெடுகிறது. தம்பி அனுமதித்தால் ஒரு ஊகத்தோடு போட்டுக் காட்டுகிறேன். சராசரி மூலதனம் 25 கோடி என்றும், அதில் வங்கிக் கடன் சராசரி 10 கோடி என்றும் வைத்துக்கொள்வோம். வட்டி 1 கோடியே 10 லட்சம் என்றால் அது 11 சதவீதம். வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்பதால், வரி போக அது 8.25 சதவீதமே. மீதி 15 கோடி பங்குதாரர் பணம், அதற்கு 14.5 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள் என்றால், இரண்டும் 40-க்கு 60 என்ற எடையில் சேர்ந்து சரியாக 12 சதவீதம் ஆகிறது.

இப்போது உங்கள் வழி. வட்டியையும் வரியையும் கழித்தபின் 1 கோடியே 87.5 லட்சம். கடனை நீக்கிய மூலதனம் 15 கோடி. அதற்குக் கட்டணம் 12 சதவீதத்தில் அல்ல, பங்குதாரர் கேட்கும் 14.5 சதவீதத்தில்: 2 கோடியே 17.5 லட்சம். ஈவிஏ மைனஸ் 30 லட்சம். வட்டியைக் கழிக்காமல், 25 கோடிக்கும் 12 சதவீதம் போட்டாலும் அதே மைனஸ் 30 லட்சம். தம்பி செய்தது என்னவென்றால், லாபத்தை உங்கள் வழியிலும் விகிதத்தை என் வழியிலும் எடுத்ததுதான்.

சரக்குக் கொடுத்தவரின் பாக்கியைக் கழிப்பதற்குக் காரணம் அது ஐந்தொகையில் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்பதல்ல. அவர் தரும் தவணைக்கான கூலி ஏற்கெனவே கெமிக்கல் விலைக்குள் ஒளிந்திருந்து, இயக்க லாபத்தைக் குறைத்துவிட்டது. அதனால் மறுபடியும் கட்டணம் விதிப்பதில்லை.

பங்குதாரரின் 14.5 சதவீதம் கற்பனை என்று சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த எண்ணுக்கு ரசீது கிடையாது. ஒரு புள்ளி கூட்டினாலோ குறைத்தாலோ முடிவு மாறும். இந்தப் பிரிவில் மொத்த விகிதம் 10.8 சதவீதமாக இருந்தால் ஈவிஏ சுழியாகிவிடும். ஆகவே மைனஸ் 30 லட்சம் என்பதைத் தராசில் நிறுத்த எடைபோல் யாரும் நம்ப வேண்டியதில்லை.

சிப்காட் கணக்கர்

அம்மா, மாத அறிக்கைகளை எடுத்து எழுதினேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை மாத முடிவில் ஈடுபடுத்திய மூலதனம், கோடியில்: 19, 20, 26, 31, 32, 31, 29, 27, 25, 22, 20, 18. கூட்டினால் 300, சராசரி 25 கோடி. தலைமையகத்தின் எண் அப்படியே வந்துவிட்டது. வங்கிக் கடனும் சராசரியாக 10 கோடிதான். நீங்கள் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள் என்று மேலாளர் வியந்தார்.

அப்படியானால் வட்டியை இருமுறை கழித்ததால் வரி போக 82.5 லட்சம் குறைந்தது. மூலதனத்தை 7 கோடி குறைத்துக் காட்டியதால் கட்டணத்தில் 84 லட்சம் மிஞ்சியது. நான் தேடிய ஒன்றரை லட்சம் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. வரியின் தசமப் புள்ளியில் அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேட்க இன்னொன்று உண்டு. சென்ற மார்ச்சையும் இந்த மார்ச்சையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி என்று சொல்லும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது போதாதா?

காட்பாடி சுந்தரி

சென்ற மார்ச் எவ்வளவு?

சிப்காட் கணக்கர்

18 கோடியே 40 லட்சம்.

காட்பாடி சுந்தரி

அப்படியானால் அந்தச் சராசரி 18 கோடியே 20 லட்சம். ஈவிஏ பிளஸ் 51.6 லட்சம். ஏரி வற்றியிருக்கும் இரண்டு கோடைகளில் அளந்து, நடுவில் எவ்வளவு நீர் நின்றது என்று சொல்வதைப் போன்றது அது. உங்கள் தொழிலில் ஆண்டின் நடுவில்தான் பணம் நிறைந்து நிற்கிறது. ஜூனில் ஏன் திடீரென 6 கோடி ஏறுகிறது?

சிப்காட் கணக்கர்

பக்ரீத். 2024-இல் ஜூன் 17 அன்று வந்தது. அந்தச் சில நாட்களில் ஆட்டுத்தோல் வரத்து மிகுதியாக இருக்கும், விலையும் இறங்கும். எங்கள் மேலாளர் ரொக்கம் கொடுத்து வாங்கி உப்புப் போட்டு அடுக்கிவிடுவார். ரொக்கம் என்பதால், சரக்குக் கொடுத்தவர் பாக்கி அதற்கு ஈடாக ஏறுவதில்லை. அந்தத் தோல் டிரம்முக்குப் போய், ஏற்றுமதியாகி, பணமாக வருவதற்குள் பொங்கல் வந்துவிடும்.

காட்பாடி சுந்தரி

அப்படியென்றால் இந்தக் கணக்கில் உள்ள முக்கியமான முடிவு அந்த ஜூன் கொள்முதல்தான். மார்ச் 31 கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது; விலை குறைவால் வந்த லாபம் மட்டும் மேலாளர் பெயரில் ஏறும், நான்கைந்து மாதம் முடங்கிய பணத்தின் கூலி யார் பெயரிலும் ஏறாது.

இன்னொன்றையும் சொல்கிறேன். பக்ரீத் ஆண்டுதோறும் சுமார் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. 2032 வாக்கில் அது மார்ச் மாதத்திலேயே வரும். இன்று மார்ச் 31 உங்கள் மூலதனத்தைக் குறைத்துக் காட்டுகிறது. அன்று அதே தேதி அதை ஊதிப் பெருக்கிக் காட்டும். தொழிலில் எதுவும் மாறாமலே ஒரு பிரிவு நல்லதிலிருந்து கெட்டதாகிவிடும். ஒரு ஆண்டின் ஜூலையை இன்னொரு ஆண்டின் ஜூலையோடு ஒப்பிடுவதும் இதே காரணத்தால் பிழையாகும்.

பேரணாம்பட்டு ஜாப் ஒர்க்

எங்களுடையது சிறிய இடம். பிறருடைய தோலை டிரம்மில் போட்டுக் கூலிக்குப் பதனிட்டுத் தருகிறோம். என் ஷெட்டில் எப்போதும் பார்ட்டிகளின் தோல் லட்சக்கணக்கில் கிடக்கிறது. இதை நான் மூலதனத்தில் சேர்க்க வேண்டுமா? இரண்டாவது, நிலம் என் தாத்தா வாங்கியது. புத்தகத்தில் 40 ஆயிரம் ரூபாய் என்று இருக்கிறது. 40 ஆயிரத்துக்குக் கட்டணம் போட்டால் நான் பெரிய லாபக்காரனாகத் தெரிகிறேன். என் மச்சானோ, அந்த இடத்தை விற்று வங்கியில் போட்டால் இதைவிட மிகுதியாக வரும் என்கிறார்.

காட்பாடி சுந்தரி

தோல் உங்களுடையதல்ல, அதில் உங்கள் பணம் இல்லை, சேர்க்க வேண்டாம். முடித்துக் கொடுத்தும் வசூலாகாத கூலிப் பாக்கியைச் சேருங்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை, கேள்வி யாருடையது என்பதைப் பொறுத்து விடை மாறும். சம்பளத்துக்கு வேலை செய்யும் மேலாளரின் ஆண்டு உழைப்பை அளப்பதானால், அவர் வாங்காத நிலத்தின் இன்றைய விலையை அவர் தலையில் ஏற்றுவது முறையல்ல. உங்கள் நிலை வேறு. நிலமும் முடிவும் உங்களுடையவை. இந்தத் தொழிலைத் தொடரலாமா என்று கேட்கும்போது, இன்று விற்றால் கையில் கிடைக்கும் தொகைக்கே கட்டணம் போட வேண்டும். மச்சான் சொல்வது அந்தக் கேள்விக்குச் சரியான விடையாக இருக்கலாம்.

பாலாற்றங்கரை

நிலத்துக்கு இரண்டு மதிப்பு வைத்துக்கொண்டால், வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். என் வாழ்நாளில் அப்படி எடுத்துக்கொள்ளாத நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. வட்டி பற்றி நான் எழுதியது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிலம் இருக்கட்டும், கழிவுநீருக்கு என்ன செய்திருக்கிறார்கள்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சுத்திகரிப்பு வசதி இல்லாமல் இங்கு டேனரி நடத்த வழியில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராகப் போட்ட பணம் யார் கணக்கில் இருக்கிறது?

சிப்காட் கணக்கர்

நல்ல கேள்வி ஐயா. பார்த்தேன். அந்த நிலையத்தில் எங்கள் நிறுவனம் போட்ட 80 லட்சம், தலைமையகத்தின் முதலீடு என்ற தலைப்பில் இருக்கிறது. எந்தப் பிரிவிலும் இல்லை. மாதாந்திரச் சுத்திகரிப்புக் கட்டணம் மட்டும் எங்கள் செலவில் வருகிறது. அந்த 80 லட்சத்தை எங்கள் மூலதனத்தில் சேர்த்தால் கட்டணம் 9.6 லட்சம் கூடி, ஈவிஏ மைனஸ் 39.6 லட்சம் ஆகும். ஷூ அப்பர் பிரிவிலிருந்து ஒரு வாளி கழிவுநீர்கூட வருவதில்லை என்பதால், அவர்களோடு பகிரவும் முடியாது. ஆனால் அந்த முதலீட்டைக் கூட்டவோ குறைக்கவோ தனக்கு அதிகாரமே இல்லை என்று மேலாளர் மறுக்கிறார்.

காட்பாடி சுந்தரி

பிரிவை அளப்பதானால் சேர்க்க வேண்டும். மேலாளரை அளப்பதானால் விடலாம். தலைமையகம் ஒரே எண்ணை இரண்டுக்கும் பயன்படுத்துவதால்தான் இந்தச் சண்டை. நான் சேர்த்திருப்பேன், என் பழைய சகாக்களில் பாதிப் பேர் சேர்க்க மாட்டார்கள்.

சிப்காட் கணக்கர்

ஜூன் கொள்முதலுக்கு வருகிறேன். அடுத்த பக்ரீத்துக்கு வாங்க வேண்டாம் என்று தலைமையகம் சொல்லக்கூடும் என மேலாளர் அஞ்சுகிறார். எவ்வளவு விலை குறைந்தால் வாங்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல இயலுமா?

காட்பாடி சுந்தரி

இயலும். கூடுதலாக 6 கோடிக்கு வாங்குகிறீர்கள், அது சராசரியாக நான்கு மாதம் முடங்குகிறது என்றால், 12 சதவீதத்தில் கட்டணம் 24 லட்சம். இது வரி போன பிறகான தொகை. விலைக் குறைவால் வரும் லாபத்துக்கோ வரி உண்டு. எனவே 24-ஐ 0.75-ஆல் வகுத்து, 32 லட்சம் மிச்சமானால்தான் சரிக்குச் சரி. அது 6 கோடியில் 5.3 சதவீதம். பிந்தைய மாத விலையைவிட அதற்கு மேல் மலிவாகக் கிடைத்தால் மூலதனம் எவ்வளவு ஏறினாலும் வாங்குவதே சரி. மூலதனத்தைக் குறைப்பதற்காகவே கொள்முதலை நிறுத்தினால், எண் அழகாகும், பிரிவுக்கு நஷ்டம்.

சிப்காட் கணக்கர்

எங்கள் பதிவேட்டின்படி அக்டோபர் விலையைவிட ஜூன் கொள்முதல் துண்டுக்கு 7 முதல் 8 சதவீதம் மலிவு. அப்படியானால் வாங்கியது சரியே என்று மேலாளரிடம் சொல்லலாம் அல்லவா?

ஆம்பூர் இஸ்மாயில்

இப்போதுதான் எனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். துண்டுக்கு என்று பார்க்காதீர்கள் தம்பி. வாங்குவது துண்டுக்கணக்கில், விற்பது சதுர அடியில். பக்ரீத்துக்கு வெட்டுவது நன்றாக வளர்ந்த ஆடு என்பதால் தோல் அகலம் கூடுதலாக இருக்கும். அது உங்களுக்குச் சாதகம். ஆனால் அன்றைக்குத் தோல் உரிப்பவர்களில் பழகாத கைகள் மிகுதி. கத்திக் கீறல் விழுந்த தோல் ஃபினிஷிங்கில் கீழ்த்தரத்துக்குப் போய்விடும். உப்பில் நான்கு மாதம் கிடந்தால் சிவப்புப் படர்வதும் உண்டு. அதன் தடம் சாயம் ஏற்றிய பிறகுதான் தெரியும். நிகரமாக எவ்வளவு சதுர அடி, எந்தத் தரத்தில் வந்தது என்று பார்த்தால்தான் அந்த 7 சதவீதத்தில் எவ்வளவு நிற்கிறது என்று சொல்ல முடியும். ஜூன் லாட்டுகளுக்குத் தனி எண் போட்டிருக்கிறீர்களா?

சிப்காட் கணக்கர்

டிரம் பதிவேட்டில் லாட் எண் இருக்கிறது பாய். தரம் பிரிக்கும் மேசையில் அதே எண்ணைத் தொடர்ந்து எழுதினார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.